மேற்கோடு இட்ட எழுத்துகள்: எண்ணா, சொல்லா?

கேள்வி: நான் இறையியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளின் படங்களைப் பார்க்கும்போது, மேலே கோடு போட்ட எழுத்துகள் சில இடங்களில் எண்ணாகவும் சில இடங்களில் ஆண்டவருடைய பெயராகவும் இருக்கின்றன. எபிரேய நூல்களில் இரட்டைக் குறி போட்ட எழுத்துகளிலும் இதே குழப்பம் வருகிறது. எதை எண்ணாக எடுத்துக்கொள்வது, எதைச் சொல்லாகப் படிப்பது என்று எப்படி முடிவுசெய்வது?

பதில்:

அன்புள்ள மாணவருக்கு,

குறியை மட்டும் பார்த்து முடிவுசெய்ய முயல்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கிரேக்க ஏட்டில் மேற்கோடு என்பதும், எபிரேய நூலில் இரட்டைக் குறி என்பதும், "இந்த எழுத்துகளை வழக்கமான சொல்லாக எழுத்துக்கூட்டிப் படிக்காதே" என்று மட்டுமே சொல்கின்றன. அவை எண்ணா, சுருக்கமா என்பதை அந்தக் குறிகள் சொல்வதில்லை. அதைச் சொல்பவை இரண்டு: எழுத்துகள் நிற்கும் வரிசை, அவை வாக்கியத்தில் பிடித்திருக்கும் இடம். முதலில் வரிசையைப் பாருங்கள். வரிசை தீர்ப்புச் சொல்லாத இடத்தில் வாக்கியத்திடம் கேளுங்கள்.

கிரேக்கத்திலிருந்து தொடங்குவோம். எழுத்துகளை எண்ணாக வழங்கும் முறையில் மொத்தம் இருபத்தேழு குறிகள் உண்டு. ஆல்பா முதல் தீட்டா வரை 1 முதல் 9. அயோட்டா தொடங்கி 10 முதல் 90. ரோ தொடங்கி 100 முதல் 900. கிரேக்க நெடுங்கணக்கில் இருபத்து நான்கு எழுத்துகளே இருப்பதால், வழக்கொழிந்த மூன்று எழுத்துகளை எண்ணுக்காக மட்டும் காப்பாற்றி வைத்துக்கொண்டார்கள். 6-க்கு ϛ, 90-க்கு ϙ, 900-க்கு ϡ ஆகியவையே அவை. பெரிய எழுத்தில் எழுதப்பட்ட பழைய பாப்பிரஸ் ஏட்டில் இம்மூன்றில் ஒன்றைக் கண்டால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை, அது எண்தான். வெளிப்படுத்தின விசேஷம் 13:18-இல் 666 என்ற எண்ணை P47 என்னும் பாப்பிரஸ் ΧΞϚ என்று எழுதுகிறது; கடைசி எழுத்தே அதை எண் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆனால் இந்தச் சான்று பிற்காலச் சிற்றெழுத்து ஏடுகளுக்கும் பழைய அச்சு நூல்களுக்கும் செல்லாது. அங்கே ϛ என்ற அதே வடிவம் சிக்மாவும் டௌவும் சேர்ந்த கூட்டெழுத்தாகச் சொற்களுக்கு நடுவிலேயே வரும்.

இனி வரிசைக்கு வருகிறேன். ஒவ்வோர் எழுத்தும் ஒன்றின் இடம், பத்தின் இடம், நூறின் இடம் என்ற மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே உரியது. எனவே ஒழுங்கான எண் ஒன்றில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எழுத்துக்கு மேல் வராது; அந்த எழுத்துகளும் நூறு, பத்து, ஒன்று என்று இறங்குவரிசையில் நிற்கும். பத்தின் இடத்து எழுத்துகள் இரண்டு அடுத்தடுத்து வந்தாலோ, சிறிய மதிப்புக்குப் பின் பெரிய மதிப்பு வந்தாலோ அது எண் அன்று. இந்த ஒரு சோதனையைத் திருப்பெயர்ச் சுருக்கங்கள்மீது வைத்துப் பாருங்கள். தேவன் என்பதற்குரிய ΘΣ: 9-க்குப் பின் 200, எண் ஆகாது. இயேசு என்பதற்குரிய ΙΣ: 10-க்குப் பின் 200, ஆகாது. கிறிஸ்து என்பதற்குரிய ΧΣ: 600, 200 என்று இரண்டும் நூறின் இடம், ஆகாது. ஆவி என்பதற்குரிய ΠΝΑ: 80, 50 என்று இரண்டும் பத்தின் இடம், ஆகாது. நீங்கள் அன்றாடம் காணும் திருப்பெயர்ச் சுருக்கங்களில் பெரும்பாலானவை இப்படியே விழுந்துவிடும். அதனால் நீங்கள் நினைப்பதைவிடக் குழப்பத்தின் பரப்பு மிகச் சிறியது.

மிஞ்சுபவை சில வடிவங்களே. அவற்றில் முக்கியமானவை இரண்டு. "ஆண்டவரே" என்று விளிக்கும் ΚΕ, 20-உம் 5-உம் சேர்ந்து 25 என்றும் நிற்கும். சில பழைய ஏடுகளில் இயேசுவின் பெயரை முதல் இரண்டு எழுத்துகளால் குறிக்கும் ΙΗ, 10-உம் 8-உம் சேர்ந்து 18 என்றும் நிற்கும். இரண்டுக்கும் மேற்கோடு உண்டு, இரண்டும் வரிசைச் சோதனையில் தேறிவிடும். இங்கேதான் வாக்கியம் வேலைசெய்ய வேண்டும்.

ΚΕ-க்கு யோவான் 6-ஆம் அதிகாரத்தைவிட நல்ல பாடம் கிடையாது. 19-ஆம் வசனத்தில் சீஷர்கள் "இருபத்தைந்து அல்லது முப்பது ஸ்தாதி" தூரம் படகு வலித்ததாகக் கிரேக்க மூலம் சொல்கிறது. எண்களை எழுத்துக்குறியால் எழுதும் பழக்கமுள்ள எழுத்தர் ஒருவர் இதைப் படியெடுத்தால், ஸ்தாதி என்ற அளவுப்பெயரை ஒட்டி ΚΕ Η Λ என்று எழுதுவார். அதே அதிகாரத்தின் 34-ஆம் வசனத்தில் மக்கள், "ஆண்டவரே, இந்த அப்பத்தை எப்பொழுதும் எங்களுக்குத் தாரும்" என்று கேட்கிறார்கள். அங்கேயும் அதே எழுத்தர் மேற்கோட்டுடன் ΚΕ என்றே எழுதுவார். வடிவத்தில் இரண்டுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. ஆனால் முதலாவதன் பக்கத்தில் எண்ணப்படும் பொருள் ஒன்று பெயர்ச்சொல்லாக நிற்கிறது. இரண்டாவதன் முன்னால் "அவரை நோக்கிச் சொன்னார்கள்" என்பது வருகிறது; பின்னால் "தாரும்" என்ற முன்னிலை ஏவல்வினை வருகிறது. எண்ணுக்கு எண்ணப்படும் பொருள் வேண்டும்; விளிக்கு விளித்தவனும் ஏவலும் வேண்டும். இந்த இரண்டில் எது அருகே இருக்கிறது என்று பார்த்தால் தடுமாற்றமே இராது.

அந்த ΚΕ Η Λ என்ற தொடரை இன்னும் ஒரு கணம் உற்றுப் பாருங்கள். நடுவில் நிற்கும் ஈட்டாவின் மேல் கோடு இருக்காது. அது 8 அன்று, "அல்லது" என்ற சொல். இருபுறமும் எண்கள் நிற்பதால் நடுவில் இருப்பதையும் எண்ணாகக் கொண்டு 25, 8, 30 என்று வாசித்துவிடும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோடு எண்ணா, சொல்லா என்பதைத் தீர்க்காது என்று மேலே சொன்னேன். ஆனால் கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் பெரிய செய்தி. ஆகவே படத்தைப் பெரிதாக்கி, கோடு எந்த எழுத்தின்மேல் தொடங்கி எந்த எழுத்தின்மேல் முடிகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ΙΗ-க்கு லூக்கா 13 உதவும். 11-ஆம் வசனத்தில் ஒரு பெண் பதினெட்டு ஆண்டுகளாகக் கூனியாய் இருக்கிறாள். 12-ஆம் வசனத்தில் இயேசு அவளைக் காண்கிறார். பெயரை ΙΗ என்று சுருக்கும் எழுத்தர் எண்ணையும் குறியாக எழுதினால், அடுத்தடுத்த வரிகளில் ஒரே உரு இரண்டு பொருளில் வந்துவிடும். கிரேக்கத்தில் முதலாவது ΙΗ "ஆண்டுகள்" என்ற சொல்லை ஒட்டி நிற்கும். இரண்டாவதற்கு முன்னால் ஒற்றை ஓமிக்ரானாக ஆண்பால் எழுவாய்க்குரிய சுட்டிடைச்சொல் நிற்கும். கிரேக்க நற்செய்தி நூல்களில் இயேசுவின் பெயர் பெரும்பாலும் அதனுடன்தான் வருகிறது. ஏடு கிழிந்து பக்கத்துச் சொற்கள் போயிருந்தால், அதே எழுத்தர் மற்ற பக்கங்களில் அந்தப் பெயரை எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள். எங்கும் ΙΣ என்றோ ΙΗΣ என்றோ எழுதுகிறவர் ஓரிடத்தில் மட்டும் ΙΗ என்று எழுதியிருந்தால், அது 18 ஆவதற்கே வாய்ப்பு மிகுதி. மாறாக, எகெர்ட்டன் பாப்பிரஸ் எனப்படும் துணுக்குகளில் ΙΗ என்பதே பெயரின் வடிவம்.

இந்த இருபொருள் அந்தக் காலத்தாருக்குத் தெரியாத ஒன்றன்று. பர்னபா நிருபத்தின் 9-ஆம் அதிகாரம், ஆபிரகாமின் 318 ஆட்களைப் பற்றிப் பேசும்போது, 18-ஐ ΙΗ என்று எடுத்து இயேசுவாகவும், 300-ஐ Τ என்று எடுத்துச் சிலுவையாகவும் வாசிக்கிறது. யூத மரபு அதே 318-ஐ எபிரேயத்தில் எலியேசர் என்ற பெயரின் எழுத்துகளைக் கூட்டிப் பெறுகிறது. ஆதியாகமத்தின் எபிரேய மூலத்தில் அந்த எண் சொற்களால்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். எண்ணைச் சொல்லாக வாசிப்பது உரைகாரர்களின் வேலை. ஏட்டை எழுத்துப்பெயர்க்கும் நீங்கள் அதைச் செய்யலாகாது.

மேற்கோட்டுக்கு மூன்றாவது பொருளும் ஒன்று உண்டு. பாடநூல்களில் இதற்கு அதிக இடம் தருவதில்லை என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன். வரியின் கடைசியில் இடம் போதாதபோது, சொல்லின் இறுதியில் வரும் நியூ என்னும் எழுத்தை விட்டுவிட்டு, அதற்கு முந்திய உயிரெழுத்தின்மேல் ஒரு கோடு இழுப்பார்கள். ΤΗΝ என்ற சொல் அப்போது ΤΗ என்று கோட்டுடன் நிற்கும். 300, 8 என்று வரிசை பொருந்துவதால் 308 என்று வாசிக்கத் தோன்றும். இந்தக் கோடு கடைசி எழுத்தின்மேல் மட்டும் கிடந்து வலப்பக்கம் ஓரத்தை நோக்கி நீளும்; எண்ணின் கோடு எல்லா எழுத்துகளையும் மூடும். வரியின் நடுவில் இந்த வகைக் கோட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

பாப்பிரஸ் கடிதங்களின் தலைப்பில் வரும் குறிகளைத் தனியாக வையுங்கள். கிறிஸ்தவர்கள் எழுதிய கடிதங்களின் உச்சியில் ϙΘ என்று இருக்கும். வரிசைப்படி அது 99, பொருளோ "ஆமென்". அந்தச் சொல்லின் எழுத்துகளான 1, 40, 8, 50 ஆகியவற்றைக் கூட்டினால் 99 வருகிறது. ΧΜΓ என்பதும் அதே இடத்தில் வருவது. 643 என்று வாசிக்க வரிசை இடங்கொடுத்தாலும், "மரியாள் கிறிஸ்துவைப் பெறுகிறாள்" என்ற தொடரின் முதலெழுத்துகள் என்பது ஒரு சாராரின் கருத்து. அறிஞர்களிடையே இது முடிந்த வழக்கன்று. நம் பழைய கடிதங்களின் உச்சியில் இருக்கும் "உ" என்பதை யாரும் தமிழ் இரண்டு என்று வாசிப்பதில்லை, பிள்ளையார் சுழி என்றுதான் அறிவோம். ஆனால் அதே "உ" ஏட்டின் ஓரத்தில் இருந்தால் இரண்டாம் ஏடு என்று எடுத்துக்கொள்வோம். ϙΘ, ΧΜΓ இரண்டையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

கல்வெட்டுகளுக்குப் போனால் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். கிழக்கத்திய நாடுகளில், குறிப்பாகச் சிரியாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும், ஆண்டைக் குறிக்கும் எண்கள் ஒன்று, பத்து, நூறு என்று ஏறுவரிசையில் பொறிக்கப்படுவது மிகச் சாதாரணம். "ஆண்டு" என்ற சொல் பக்கத்தில் இருந்தால் வரிசை தலைகீழாக இருப்பதை வைத்து எண் அன்று என்று தள்ளிவிடாதீர்கள். ஏதென்ஸின் பழைய கற்களில் வழங்குவது வேறு முறை. அங்கே Δ என்பது 10, Η என்பது 100, Χ என்பது 1000. ஒரே எழுத்து ΗΗΔΔ என்று திரும்பத் திரும்ப வந்தால் நீங்கள் அந்த முறையில் இருக்கிறீர்கள் என்று அறிக. நாம் இதுவரை பேசிய முறையில் ஓர் எழுத்து ஓர் எண்ணில் இருமுறை வராது.

எபிரேயத்தில் அடிப்படை இதே. ஆலெஃப் முதல் தேத் வரை 1 முதல் 9, யோத் முதல் த்சாதே வரை 10 முதல் 90, கோஃப் முதல் தாவ் வரை 100 முதல் 400. அதற்குமேல் தாவுடன் கூட்டி எழுதுவார்கள். 900 என்பது 400, 400, 100 ஆகிய மூன்றும் சேர்ந்த תתק. இங்கே தாவ் இருமுறை வருவதும் நூறின் இடத்து எழுத்துகள் சேர்ந்து வருவதும் வழுவன்று. இன்னொரு விலக்கு 15-உம் 16-உம். முறைப்படி எழுதினால் கடவுளின் திருப்பெயரின் எழுத்துகள் அமைந்துவிடும் என்பதால், 9-உம் 6-உம் சேர்த்து ט״ו என்றும், 9-உம் 7-உம் சேர்த்து ט״ז என்றும் எழுதுகிறார்கள்.

கடைசி எழுத்துக்கு முன் வரும் இரட்டைக் குறிக்குக் கெர்ஷாயிம் என்று பெயர். எண்ணுக்கும் சுருக்கத்துக்கும் அது ஒரே இடத்தில்தான் விழும். வரிசைச் சோதனை இங்கும் பெரும்பகுதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். ராஷி என்ற உரையாசிரியரின் பெயர்ச் சுருக்கமான רש״י 200-க்குப் பின் 300 என்று ஏறுவதால் எண் ஆகாது. எபிரேய வேதாகமத்தைக் குறிக்கும் תנ״ך 400, 50, 20 என்று இறங்கினாலும், பத்தின் இடம் இருமுறை வருவதால் எண் ஆகாது. ஆனால் தல்மூதைக் குறிக்கும் ש״ס 300, 60 என்று ஒழுங்காக இறங்குகிறது. அது 360-உம் ஆகலாம்.

இப்படி இரண்டுக்கும் இடங்கொடுக்கும் இடத்தில் எப்படி முடிவுசெய்வது என்பதற்குத் தல்மூத் மேற்கோளைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. தல்மூதைப் பக்க எண்ணால் குறிப்பதில்லை. ஏட்டு எண்ணையும், அந்த ஏட்டின் முன்பக்கமா பின்பக்கமா என்பதையும் சொல்வார்கள். முன்பக்கத்துக்கு ע״א, பின்பக்கத்துக்கு ע״ב. இவை "பக்கம் ஆலெஃப்", "பக்கம் பேத்" என்பவற்றின் சுருக்கங்கள். அயின் அங்கே "பக்கம்" என்ற சொல்லின் முதலெழுத்து. ஆனால் அயினின் மதிப்பு 70 ஆகையால் ע״א என்பது 71-உம் ஆகும், ע״ב என்பது 72-உம் ஆகும். இப்போது சப்பாத் என்ற பகுதியிலிருந்து ஒரு மேற்கோள் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

שבת ע״ב ע״ב

ஒரே இரண்டு எழுத்துகள், ஒரே குறி, அடுத்தடுத்து இருமுறை. முதலாவது எண்; இரண்டாவது சுருக்கம். பொருள்: சப்பாத், 72-ஆம் ஏடு, பின்பக்கம். ஏட்டு எண் முதலில், பக்கம் பிறகு என்ற ஒழுங்கு மாறாதது. ஏட்டுக்குப் பக்கங்கள் இரண்டே என்பதால் இரண்டாவது இடத்தில் இந்த இரண்டு சுருக்கங்களைத் தவிர வேறெதுவும் வர முடியாது. ஒருவேளை ஒரே ஒரு ע״ב மட்டும் இருந்தால், அதற்கு முன்னால் ஏட்டு எண் வேறு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பின்பக்கம். நூலின் பெயரை அடுத்து நேராக நின்றால் 72-ஆம் ஏடு. "ஏடு" என்று பொருள்படும் דף என்ற சொல் முன்னால் இருந்தால் ஐயமே இல்லை.

பழைய எபிரேய அச்சு நூல்களின் தலைப்புப் பக்கம் வேறொரு வகைச் சோதனை. ஆண்டை எண்ணாக எழுதாமல், வேதவாக்கியம் ஒன்றை அச்சிட்டு, அதில் சில எழுத்துகளை மட்டும் பெரிதாக்கியோ மேலே புள்ளியிட்டோ காட்டுவார்கள். அவற்றின் மதிப்பைக் கூட்டினால் ஆண்டு கிடைக்கும். இங்கே சொல் சொல்லாகவும் இருக்கிறது, எண்ணாகவும் இருக்கிறது. வரிசைச் சோதனை செல்லவே செல்லாது. அடையாளம், பின்னால் வரும் לפ״ק என்ற சுருக்கம். 30, 80, 100 என்று ஏறுவதால் அதுவே எண் ஆக முடியாது; ஆயிரங்களை விட்டுவிட்டுக் கணக்கிடுக என்பதே அதன் பொருள். எடுத்துக்காட்டாக, שלום என்ற சொல்லின் நான்கு எழுத்துகளும் அவ்வாறு காட்டப்பட்டிருந்தால் 300, 30, 6, 40 சேர்ந்து 376. ஆயிரங்களைச் சேர்த்தால் 5376. நம் வழக்கிலுள்ள ஆண்டைப் பெற 376-உடன் 1240-ஐக் கூட்டுங்கள், 1616 வரும். யூத ஆண்டு இலையுதிர் காலத்தில் பிறப்பதால் அந்த நூல் 1615-இன் கடைசி மாதங்களிலும் அச்சேறியிருக்கலாம். குறிப்பில் 1615/16 என்றே எழுதுங்கள். புள்ளியிடாத எழுத்தைத் தவறிச் சேர்த்துக்கொண்டால் ஆண்டு பல பத்தாண்டுகள் தள்ளிப்போகும்; விடை அந்த அச்சகம் இயங்கிய காலத்துக்கு வெளியே விழுந்தால் கூட்டலை மறுபடி பார்க்க வேண்டும் என்று பொருள்.

வேண்டுமென்றே வரிசையைக் கலைக்கும் வழக்கமும் எபிரேயத்தில் உண்டு. எண்ணின் எழுத்துகள் தீய சொல்லாக அமைந்துவிட்டால் இடம் மாற்றி எழுதுவார்கள். 1983–84-க்கு இணையான 5744-ஆம் ஆண்டை முறைப்படி תשמ״ד என்று எழுத வேண்டும். அது "நீ அழிக்கப்படுவாய்" என்பது போல ஒலிப்பதால் பலர் கடைசி இரண்டு எழுத்துகளை மாற்றி תשד״מ என்று எழுதினார்கள். 304 என்ற எண் "பேய்" என்ற சொல்லாகிவிடும் என்பதால் அதையும் திருப்பி எழுதுவது உண்டு. ஆகவே ஆண்டோ அத்தியாய எண்ணோ வர வேண்டிய இடத்தில் வரிசை பிறழ்ந்த எழுத்துகளைக் கண்டால், அவற்றை முறைப்படி அடுக்கி, என்ன சொல் வருகிறது என்று அகராதியில் பாருங்கள். பிறழ்ச்சிக்குக் காரணம் அங்கே கிடைத்துவிடும்.

உங்கள் குறிப்பேட்டில் எழுத்துப்பெயர்ப்பையும் விளக்கத்தையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். ஏட்டில் கண்ட எழுத்துகளையும், கோடு அல்லது குறி எங்கே இருந்தது என்பதையும் அப்படியே ஒரு வரியில் எழுதுங்கள். 25 என்றோ "ஆண்டவரே" என்றோ நீங்கள் கொண்ட பொருளை அடுத்த வரியில், எந்தச் சொல்லை வைத்து அப்படிக் கொண்டீர்கள் என்பதோடு எழுதுங்கள். பக்கத்துச் சொற்கள் அழிந்துபோன துணுக்குகளில் இரண்டு வாசிப்புகளும் நிற்கும். அங்கே இரண்டையும் எழுதிவிடுங்கள். அதே ஏட்டின் இன்னொரு துண்டு பின்னர் கிடைத்து இடைவெளி நிரம்பும்போது, முதல் வரியைத் தொடாமல் இரண்டாவது வரியை மட்டும் திருத்தினால் போதும்.